ஒழிபு: பட்டியலில் இல்லாத காரணம்

என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயாராகும் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நாம் எல்லோரும் சொல்லித்தரும் உத்தி ஒன்று உண்டு. விடை தெரியாவிட்டால், விடையாக இருக்கவே முடியாதவற்றை முதலில் அடித்துவிடு, மிஞ்சுவதைக் குறி. மாணவர்கள் இதை விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள். மூன்றைத் தள்ளிவிட்டால் நான்காவது சரி என்பதில் அவர்களுக்குத் துளியும் ஐயமில்லை. அந்த நம்பிக்கையில் தவறும் இல்லை. கொடுத்துள்ள நான்கில் ஒன்று கட்டாயம் சரி என்று வினாத்தாள் தயாரித்தவர் உறுதி கொடுத்திருக்கிறார். பட்டியல் முழுமையானது என்பது தேர்வின் ஒப்பந்தம்.

இந்த வகைச் சிந்தனைக்குத் தமிழில் பழைய பெயர் இருக்கிறது. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் எண்ணப்படும் அளவைகளுள் ஒன்று ‘ஒழிபு’. அல்லாதவற்றை ஒழித்து எஞ்சியதைக் கொள்வது என்பது அதன் பொருள். இக்கட்டுரையிலும் அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறேன்.

வகுப்பறைக்கு வெளியே ஒழிபை அன்றாடம் பயன்படுத்துபவர்கள் மருத்துவர்கள். ஒரு நோயாளியின் அறிகுறிகளைக் கேட்டதும், அவற்றுக்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றை மருத்துவர் மனத்துக்குள் பட்டியலிடுகிறார். பிறகு கேள்வி, உடற்பரிசோதனை, ரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிறார். ஆனால், “இவற்றுள் ஒன்றுதான்” என்று அவருக்கு உறுதி கொடுக்க எவரும் இல்லை. பட்டியலை எழுதுபவரும் அவர்தான். அதிலிருந்து தள்ளுபவரும் அவர்தான். பட்டியலில் உண்மையான காரணம் இடம்பெறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பீகார் மாநிலம் முசாபர்பூரில் நடந்ததைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

விடியற்காலை வலிப்பு

முசாபர்பூர் லிச்சிப் பழத்துக்குப் பெயர்பெற்ற மாவட்டம். 1990களின் நடுவிலிருந்து அங்கே மே, ஜூன் மாதங்களில் குழந்தைகளுக்கு ஒரு நோய் வந்துகொண்டிருந்தது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, மெலிந்த குழந்தைகள். முந்தைய நாள் மாலைவரை நன்றாக விளையாடிய குழந்தை, இரவு உறங்கி, விடிவதற்குள் வீறிட்டு அழும், வலிப்பு வரும், நினைவு தப்பும். மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்களில் பலர் சில மணி நேரத்திலேயே இறந்தார்கள். மழை தொடங்கியதும் நோய் நின்றுவிடும். அடுத்த ஆண்டு மே மாதம் மீண்டும் வரும்.

ஊர் மக்கள் இதைச் ‘சம்கி புகார்’ என்றார்கள். புகார் என்றால் இந்தியில் காய்ச்சல். அரசுப் பதிவேடுகளிலோ இது ‘கடும் மூளை அழற்சி நோய்க்குறித் தொகுதி’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. காய்ச்சலோடு நினைவு மாற்றமோ வலிப்போ திடீரென்று தோன்றினால் அந்தத் தலைப்பில் பதிவது நடைமுறை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைத் தவறவிடாமல் கண்காணிப்பதற்காக வகுக்கப்பட்ட தலைப்பு அது. ஆக, ஊரார் வைத்த பெயரிலும் காய்ச்சல்; அலுவலகம் வைத்த பெயரிலும் அழற்சி. ‘இது ஒரு தொற்று’ என்ற முடிவு, எவரும் வாதிட்டு நிறுவாமலேயே, பெயரின் வழியாக உள்ளே வந்துவிட்டது. இந்த இடத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளும் வேலை

அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டால் பட்டியல் தானாக எழுதப்பட்டுவிடும். முதலிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு. கொசுவால் பரவும் அந்த வைரஸ் நோய் அந்தப் பகுதிக்குப் புதியதல்ல. அடுத்து வேறு வைரஸ்கள். பிறகு பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சி, மூளையைத் தாக்கும் மலேரியா. தொற்றுக்கு வெளியே சென்றவர்களும் இருந்தார்கள். தோட்டங்களில் அடிக்கப்படும் பூச்சிக்கொல்லியைச் சிலர் ஐயுற்றனர். கோடை உச்சத்தில் வருவதால் வெப்பத் தாக்கு என்று சில மருத்துவர்கள் கருதினர்.

பல ஆண்டுகளாக இவற்றைத் தள்ளும் வேலை நடந்தது. ரத்தத்திலும், முதுகுத் தண்டைச் சூழ்ந்துள்ள நீரிலும் வைரஸ்களுக்கான சோதனைகள் செய்யப்பட்டன. பெரும்பாலான குழந்தைகளிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான அடையாளம் கிடைக்கவில்லை. பிற கிருமிகளும் பிடிபடவில்லை.

ஒழிபின் இரண்டு இடர்ப்பாடுகளும் இந்தக் கட்டத்தில் வெளிப்படுகின்றன. ஒன்று, ஒரு காரணத்தைத் ‘தள்ளிவிட்டோம்’ என்பது, அதைத் தேடிய சோதனை எவ்வளவு நம்பத்தக்கதோ அவ்வளவே உறுதியானது. நோயின் தொடக்க நாள்களில் உடலில் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிருக்காது. அப்போது எடுத்த ரத்தத்தில் ‘இல்லை’ என்று வந்தால், நோய் இல்லை என்று அதற்குப் பொருளாகாது. இரண்டாவது இடர்ப்பாடு இதைவிட ஆழமானது. எல்லாச் சோதனைகளும் பிழையற்றவை என்றே வைத்துக்கொண்டாலும் தீராதது அது.

ஒரு சிறு கணக்கு

எட்டாம் வகுப்பு மாணவரே செய்யக்கூடிய கணக்கு இது. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரே அறிகுறிகளோடு 100 குழந்தைகள் வருகிறார்கள். 50 பேருக்கு நோய் அ, 30 பேருக்கு நோய் ஆ, 10 பேருக்கு நோய் இ. மருத்துவரின் பட்டியலில் இருப்பவை இந்த மூன்றுதான். மீதிப் 10 பேருக்குப் பட்டியலிலேயே இல்லாத ஒரு காரணம்.

அ-வுக்கும் ஆ-வுக்கும் பிழையே இல்லாத சோதனைகள் இருக்கின்றன. இரண்டிலும் ‘இல்லை’ என்று வந்த குழந்தைகளை மட்டும் ஒரு பக்கம் நிறுத்துகிறோம். அங்கே 20 பேர் நிற்பார்கள். பட்டியலை நம்புகிற மருத்துவர் “மூன்றில் இரண்டைத் தள்ளியாயிற்று, எனவே இ” என்பார். ஆனால் அந்த 20 பேரில் 10 பேருக்குத்தான் இ. பாதி முடிவு தவறு. தொடக்கத்தில் பத்தில் ஒன்றாக இருந்த ‘பட்டியலுக்கு வெளியே’ என்ற பங்கு, நாம் சரியாகவும் கவனமாகவும் தள்ளத் தள்ள, இரண்டில் ஒன்றாக வளர்ந்துவிட்டது.

இப்போது சோதனைகள் 100 நோயாளிகளில் 80 பேரை மட்டுமே பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நோயில்லாதவரை அவை தவறாகப் பிடிப்பதில்லை. அ நோயுள்ள 50 பேரில் 10 பேரும், ஆ நோயுள்ள 30 பேரில் 6 பேரும் ‘இல்லை’ என்ற முடிவோடு நழுவி வருவார்கள். ஒரு பக்கம் நிற்பவர்கள் 36 பேர். அவர்களில் இ நோயுள்ளவர்கள் 10 பேர், அதாவது ஏறத்தாழ 28 விழுக்காடு. கடைசியாக எஞ்சிய விடைக்கு இவ்வளவுதான் வலிமை. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால், ‘மிஞ்சியது சரி’ என்ற உத்தி எந்த இடத்தில் உடைகிறது என்று மாணவர்கள் தாங்களாகவே காட்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால், நிகழ்தகவுப் பாடத்தில் நாணயத்தைச் சுண்டுவதைவிட இது நல்ல தொடக்கம்.

முசாபர்பூரில் அந்த ‘இ’யின் இடத்தில் வெப்பத் தாக்கு வந்து நின்றது. மேலோட்டமாக அது பொருந்தவும் செய்தது. நோய் கொடும் வெயிலில் வருகிறது, மழை வந்ததும் நிற்கிறது. ஆனால் முசாபர்பூரில் லிச்சிப் பருவம் முடிவதும் ஏறத்தாழ அதே மழைத் தொடக்கத்தில்தான். இரண்டு காரணிகள் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகும்போது, அவற்றுள் ஒன்று மட்டுமே பட்டியலில் இருந்தால், இரண்டின் சான்றும் அந்த ஒன்றின் கணக்கிலேயே வரவாகிவிடும்.

பொருந்தாத மூன்று குறிப்புகள்

பட்டியல் போதவில்லை என்பதை நோயாளிகளே காட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாவது, பல குழந்தைகளுக்குக் காய்ச்சலே இல்லை. தலைப்பில் காய்ச்சல் இருந்தது, உடம்பில் இல்லை. இரண்டாவது, முதுகுத் தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் பெருகியிருக்கவில்லை. மூளையில் கிருமி புகுந்து அழற்சி ஏற்பட்டால் அந்த நீரில் வெள்ளணுக்கள் கூடுவது வழக்கம். அவை கூடவில்லை என்றால், மூளையின் செயல் கெட்டிருக்கிறது, ஆனால் அழற்சியால் அல்ல என்று எண்ண வேண்டும். மூன்றாவது, நேரம். வெப்பத் தாக்கு என்றால் நண்பகலில் குழந்தைகள் விழ வேண்டும். இவர்கள் விழுந்ததோ விடியற்காலையில், ஒரு நாளின் மிகக் குளிர்ந்த பொழுதில்.

இந்த மூன்றையும் ‘விதிவிலக்கு’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. வேலூரில் நெடுங்காலம் பணியாற்றிய வைரஸ் இயல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், முகுல் தாஸ் என்ற அறிவியலாளருடன் சேர்ந்து இவற்றை ஒதுக்காமல் எடுத்துக்கொண்டார். இது மூளை அழற்சியே அல்ல, அழற்சியில்லாத மூளைச் செயல்கேடு என்று வகையையே மாற்றிவிட்டுத் தேடலைத் தொடங்கினார்கள். அவருக்கு இதில் முன்னனுபவமும் இருந்தது. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த, வைரஸ் நோயென்று கருதப்பட்ட ஒன்று, உண்மையில் ஆவாரை வகையைச் சேர்ந்த ஒரு களைச்செடியின் விதைகளைத் தின்றதால் வந்த நஞ்சு என்று காட்டிய குழுவில் அவர் இருந்தார். ஒருமுறை பட்டியலுக்கு வெளியே விடையைக் கண்டவர் இரண்டாம் முறையும் வெளியே பார்ப்பார் என்பது இயல்புதான்.

வகை மாறியதும் கேள்வி மாறுகிறது. “எந்தக் கிருமி?” என்பது போய், “விடியற்காலையில், பட்டினியாக உறங்கிய ஒரு மெலிந்த குழந்தையின் மூளைக்கு எது கிடைக்காமல் போகிறது?” என்பது வருகிறது. அந்தக் கேள்விக்கான முதல் விடை, ரத்தச் சர்க்கரை. அளந்து பார்த்தபோது பல குழந்தைகளுக்கு அது குறைந்திருந்தது.

இரவில் என்ன நடக்கிறது

இரவில் நாம் உண்ணாத நேரத்திலும் மூளைக்குச் சர்க்கரை போய்க்கொண்டிருக்க வேண்டும். கல்லீரல் தன் கிளைக்கோஜன் இருப்பை உடைத்து அதைக் கொடுக்கிறது. நன்றாக உண்ட பெரியவருக்கு இரவு முழுவதும் அது தாங்கும். இரவுணவு உண்ணாத, ஊட்டம் குறைந்த சிறு குழந்தைக்கு விடிவதற்கு முன்பே தீர்ந்துவிடும். தீர்ந்தபின் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து கிடைக்கும் ஆற்றலைக்கொண்டு கல்லீரல் புதிதாகச் சர்க்கரை ஆக்குகிறது. இந்த மாற்றுவழி மூடப்பட்டால் சர்க்கரை சரிந்து வலிப்பு வரும்.

அந்த வழியை மூடும் பொருளொன்று வேறொரு நாட்டில் முன்பே அறியப்பட்டிருந்தது. ஜமைக்காவில் அக்கி என்ற பழத்தைக் காயாக உண்டவர்களுக்கு வாந்தியும் வலிப்பும் வந்து சர்க்கரை சரியும். அதற்குக் காரணமான ஹைப்போகிளைசின் 1950களிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. கொழுப்பு எரிவதைத் தடுப்பதே அதன் வேலை. அக்கியும் லிச்சியும் ஒரே தாவரக் குடும்பம். நம் பூந்திக்கொட்டையும் அதே குடும்பம்தான். ஹைப்போகிளைசினுக்கு நெருங்கிய எம்.சி.பி.ஜி. என்ற பொருள் லிச்சி விதையில் இருப்பதாக 1962இலேயே ஓர் ஆய்விதழில் வெளிவந்திருக்கிறது. முசாபர்பூரில் குழந்தைகள் இறக்கத் தொடங்குவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு! அறிவு இருந்தது. ஆனால் அது தாவர வேதியியல் அலமாரியில் இருந்தது. குழந்தை மருத்துவரின் பட்டியலில் இல்லை.

மிஞ்சியதாலா, சான்றாலா?

லிச்சி பட்டியலில் நுழைந்ததும், “மற்றதெல்லாம் தள்ளியாயிற்று, ஆகவே லிச்சி” என்று சொல்லியிருந்தால் அது பழைய பிழையின் மறுபதிப்பாகியிருக்கும். 2014இல் இந்திய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அப்படிச் செய்யவில்லை. அந்தப் பருவத்தில் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 குழந்தைகளில் 122 பேர் இறந்திருந்தனர். ஆய்வாளர்கள் 104 நோயாளிக் குழந்தைகளை, அதே வயதுடைய, வேறு காரணங்களுக்காக மருத்துவமனைக்கு வந்த 104 குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். நோயுற்றவர்கள் லிச்சி தின்றிருப்பதும், முந்தைய மாலை உணவு உண்ணாதிருப்பதும் தெளிவாகக் கூடுதலாக இருந்தன. லிச்சி தின்றதன் விளைவு, இரவுணவு இல்லாதவர்களிடம் மேலும் வலுவாகத் தெரிந்தது.

கிருமிகளுக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கும் இந்த ஆய்விலும் சோதித்தார்கள், சான்று கிடைக்கவில்லை. ஆனால் முடிவு அதன்மேல் நிற்கவில்லை. சிறுநீரில் நச்சின் சிதைபொருள்களைத் தேடினார்கள். நோயுற்ற 73 பேரின் சிறுநீரில் 48இல் அவை இருந்தன. ஒப்பீட்டுக் குழந்தைகள் 15 பேரில் ஒருவரிடமும் இல்லை. கொழுப்பு எரியும் வழி தடைப்பட்டால் ரத்தத்தில் தோன்றும் மாறுபாடு, நோயுற்ற 80 பேரின் மாதிரிகளில் 72இல் காணப்பட்டது. லிச்சிச் சதையிலும் இரு நச்சுகளும் அளக்கப்பட்டன. இவை எவையும் எஞ்சியதால் வந்த சான்றுகள் அல்ல. லிச்சியை நேராகச் சுட்டுபவை.

அந்த 48ஐப் பார்க்கும்போது மீதி 25ஐயும் பார்க்க வேண்டும். சர்க்கரை அளவு தெரிந்த 327 குழந்தைகளில் 204 பேருக்கே அது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழ் இருந்தது. மற்றவர்களுக்கு? சிலரிடம் நச்சு வெளியேறிய பிறகு மாதிரி எடுக்கப்பட்டிருக்கலாம். சிலருக்கு நோயே வேறாக இருந்திருக்கலாம். அதே மருத்துவமனைக்கு அதே மாதத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் உள்ள குழந்தையும் வரலாம். லிச்சியைக் கண்டுபிடித்ததால் பட்டியல் முழுமையாகிவிடவில்லை. அடுத்த நாடான வங்கதேசத்தில் 2012இல் லிச்சித் தோட்டங்களையொட்டி நேர்ந்த இதே போன்ற மரணங்களை ஆராய்ந்தவர்கள் பூச்சிக்கொல்லியையே ஐயுற்றனர். அங்கே அந்த வரியை இன்னும் அடிக்க முடியாது.

ஆய்வு தந்த பரிந்துரைகள் எளிமையானவை: லிச்சிப் பருவத்தில் எந்தக் குழந்தையும் இரவுணவு உண்ணாமல் உறங்கக் கூடாது, லிச்சி உண்பதைக் குறைக்க வேண்டும், வலிப்போடு வரும் குழந்தைக்கு உடனே சர்க்கரையை அளந்து, குறைந்திருந்தால் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டுகளில் நோய் குறைந்தது. 2019இல் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். லிச்சி தின்ற எல்லாக் குழந்தைகளும் நோயுறவில்லை. பசியோடு உறங்கியவர்கள்தான் பெரும்பாலும் பலியானார்கள். ஆகவே காரணம் எது என்ற கேள்விக்குப் ‘பழம்’ என்று ஒரு சொல்லில் விடை எழுதும் மாணவருக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

வகுப்பில் செய்துபார்க்க

ஒரு பாடவேளை போதும். மாணவர்களுக்கு முதலில் நோயின் விவரத்தை மட்டும் கொடுங்கள்: வயது, மாதம், நேரம், வலிப்பு. லிச்சி என்ற சொல் வரக்கூடாது. ‘காய்ச்சல்’ என்ற சொல்லைப் பாதி வகுப்புக்கு நோயின் பெயரில் சேர்த்தும், மறுபாதிக்குச் சேர்க்காமலும் கொடுத்துக் காரணப் பட்டியல் எழுதச் சொல்லலாம். இரு பட்டியல்களையும் பலகையில் அருகருகே எழுதினால், ஒரு பெயர் எத்தனை வரிகளை அழித்துவிடுகிறது என்பதைப் பேசுவதற்குப் பொருள் கிடைக்கும். தொடக்க வகுப்பு என்றால் நோயை விட்டுவிட்டு, தொட்டியில் வாடிய செடியை எடுத்துக்கொள்ளலாம், முறை அதுவே.

அடுத்து, ஒவ்வொரு பட்டியலின் கடைசி வரியையும் வெறுமையாக விடச் சொல்லுங்கள். அந்த வரிக்கு ‘நாம் நினைக்காதது’ என்று பெயர். பிற வரிகளை அடிக்கலாம். அதை அடிக்கக் கூடாது. ஒரு வரியை அடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் இரண்டு குறிப்புகள் வேண்டும்: எதைக் கொண்டு அடித்தோம், அந்தச் சோதனை எப்போது ஏமாற்றும். பிறகு காய்ச்சலின்மை, தண்டுவட நீர், விடியற்காலை ஆகிய மூன்று குறிப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எது எந்த வரியோடு ஒத்துப்போகவில்லை என்று கேளுங்கள். எல்லா வரிகளும் அடிபட்டு வெற்றுவரி மட்டும் நிற்கும்போது வகுப்பில் ஒரு சிறு அமைதி வரும். அப்போது, “அந்தக் குழந்தைகள் முந்தைய நாள் என்னென்ன செய்திருப்பார்கள், என்னென்ன சாப்பிட்டிருப்பார்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.